கேள்விக்குள் கடத்தப்படும் கோப்பு

கீழே இருப்பது ஓர் அலுவலகத்தின் டிஎன்எஸ் பதிவேட்டிலிருந்து எடுத்ததுபோல் அமைத்த மூன்று வரிகள். அலுவலகம் கற்பனை. ஆனால் வரிகளின் வடிவத்தை உண்மையான பதிவேடுகளில் பார்க்கலாம். முதலில் நேரம், பிறகு கேட்ட கணினியின் முகவரி, பிறகு அது கேட்ட பெயர், கடைசியில் கேள்வியின் வகை.

```
01:12:05 10.20.4.18 www.tn.gov.in A
01:12:07 10.20.4.37 k7qwemd3tkhvz7xbaw5erzmn7p6tecjhk3y4bswg.t.example.net TXT
01:12:09 10.20.4.37 d4mzq6hyb2tvw7nxa3kcprj5esgu6oflyi2mth7q.t.example.net TXT
```

முதல் வரியில் சிக்கல் எதுவுமில்லை. யாரோ ஒருவரின் கணினி அரசு இணையதளத்தின் முகவரியைக் கேட்டிருக்கிறது. அடுத்த இரண்டு வரிகளில் கேட்கப்பட்ட பெயர்களில் உலகில் எந்த இணையதளமும் இல்லை. அந்தப் பெயர்களே சரக்கு. கணக்குப் பிரிவில் இருக்கும் ஒரு கணினியின் கோப்பு, இருபத்தைந்து இருபத்தைந்து பைட்டாக நறுக்கப்பட்டு, கேள்வி வேடத்தில் வெளியே போய்க்கொண்டிருக்கிறது.

இதற்கு டிஎன்எஸ் டனலிங் என்று பெயர். டிஎன்எஸ் வழியாகத் தோண்டும் சுரங்கம். பதிவேட்டை ஒழுங்காக எண்ணிப் பார்த்தால் இதைப் பிடித்துவிடலாம். எண்ண வேண்டியவை மூன்று: பெயரின் நீளம், எழுத்துகள் கலைந்திருக்கும் அளவு, ஒவ்வொரு கணினியும் கேட்கும் கேள்விகளின் தொகை. இந்த மூன்றில் ஒன்றைத் திருடன் மறைக்கப் போனால் இன்னொன்று வெளியே நீட்டிக்கொள்ளும். ஏன் அப்படி, எங்கே அது பொய்க்கும் என்பதைப் பார்ப்போம்.

கதவு ஏன் திறந்திருக்கிறது

இணையத்தில் எந்தப் பெயரைத் தட்டினாலும், முதலில் அந்தப் பெயருக்குரிய எண் முகவரியைக் கணினி விசாரித்தாக வேண்டும். அந்த விசாரணை அமைப்புதான் டிஎன்எஸ். பால் மொக்கபெட்ரிஸ் 1983இல் இதை வடிவமைத்தார். இன்றும் நடப்பில் இருக்கும் அடிப்படை விதிகள் 1987இல் எழுதப்பட்டவை. டிஎன்எஸ் நின்றால் மின்னஞ்சலும் ஓடாது, உலாவியும் ஓடாது. அதனால் எல்லா வழிகளையும் அடைத்துவிட்ட அலுவலகங்கள்கூட இந்த ஒரு வழியைத் திறந்தே வைத்திருக்கின்றன.

கேள்வி போகும் பாதையைக் கவனியுங்கள். கணினி தன் அலுவலகத்துக்குள்ளேயே இருக்கும் ரிசால்வர் என்ற சர்வரிடம் கேட்கிறது. ரிசால்வருக்கு விடை தெரியாவிட்டால், அந்த டொமைனுக்குப் பொறுப்பான சர்வரைத் தேடிப்போய்க் கேட்கிறது. திருடன் செய்வது இவ்வளவுதான்: காசு கொடுத்து ஒரு டொமைனைப் பதிவு செய்கிறான், அதற்குப் பொறுப்பான சர்வர் என்று தன் சர்வரையே காட்டுகிறான். அதன்பிறகு உள்ளே இருக்கும் தீநிரல் அந்த டொமைனின் பேரில் எந்தப் பெயரைக் கேட்டாலும், அந்தப் பெயர் முழுதாக அவன் கைக்கு வந்து சேரும். கொண்டுபோய்ச் சேர்ப்பது அலுவலகத்தின் சொந்த ரிசால்வர். பாதிக்கப்பட்ட கணினி வெளி உலகத்தோடு நேரடியாக ஒரு வார்த்தையும் பேசுவதில்லை.

போன் கட்டணம் கையைக் கடித்த காலத்தில் நாம் மிஸ்டு காலில் சேதி சொல்லிக்கொண்டது போலத்தான் இது. ஒரு ரிங் என்றால் ஊர் வந்து சேர்ந்தாயிற்று, இரண்டு ரிங் என்றால் திருப்பிக் கூப்பிடு. யாரும் போனை எடுக்கவில்லை, ஆனால் சேதி போய்விட்டது.

பதில் வரும் திசையிலும் சரக்கு வரும். மேலே பார்த்த வரிகளில் TXT என்று இருப்பது, முகவரிக்குப் பதிலாக ஏதாவது எழுத்து வாசகம் தா என்று கேட்கும் வகை. திருடனின் கட்டளைகள் அந்த வாசகமாகத் திரும்பி வரும். இந்த வித்தைக்கென்றே கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. `iodine`, `dnscat2` இரண்டும் பலருக்கும் தெரிந்தவை. காசு கட்டச் சொல்லி மறிக்கும் விடுதி வைஃபையைச் சுற்றிக்கொண்டு போவதற்கும் முதல் கருவியைப் பலர் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

நீளம்: முதல் தடயம்

டிஎன்எஸ் பெயரில் ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவே இருக்கும் துண்டு லேபிள். 1987ஆம் ஆண்டு விதிப்படி ஒரு லேபிளில் 63 எழுத்துகளுக்கு மேல் இருக்கக் கூடாது. புள்ளிகளையும் சேர்த்து முழுப்பெயர் 253 எழுத்துகளைத் தாண்டக் கூடாது. கடத்துபவனின் வண்டி அளவு இதுதான்.

கோப்பில் இருக்கும் எல்லாவிதமான பைட்டுகளையும் பெயரில் அப்படியே எழுத முடியாது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தை டிஎன்எஸ் பொருட்படுத்தாது. ஆகவே 26 ஆங்கில எழுத்துகளையும் ஆறு எண்களையும் வைத்து எழுதும் `base32` என்ற முறை இங்கே வாகாக இருக்கிறது. அதில் ஒரு எழுத்து ஐந்து பிட் சுமக்கும். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். நம் உதாரணத்தில் இருக்கும் லேபிள் 40 எழுத்து. நாற்பதை ஐந்தால் பெருக்கி எட்டால் வகுத்தால் 25 பைட். ஒரு பெயரை விளிம்புவரை நிரப்பினால், டொமைனுக்கான இடம் போக, ஏறக்குறைய 147 பைட் ஏற்றலாம்.

மனிதர்கள் வைக்கும் பெயர்கள் இப்படி நீளமாக இருப்பதில்லை. `www`, `mail`, `accounts` என்று எளிதில் நினைவில் நிற்கும் பெயர்களைத்தான் வைப்பார்கள். ஆகவே பதிவேட்டை நீளப்படி வரிசைப்படுத்துவதுதான் முதல் வேலை. எத்தனை எழுத்துக்கு மேல் போனால் சந்தேகம் என்பதற்கு உலகம் முழுவதற்கும் பொருந்தும் எண் கிடையாது. 40 என்றோ 50 என்றோ ஒரு கோட்டை வெளியிலிருந்து வாங்கி வைப்பதைவிட, உங்கள் அலுவலகத்தின் ஒரு வாரப் பதிவேட்டை எடுத்து, நூற்றில் தொண்ணூற்றொன்பது பெயர்கள் எந்த நீளத்துக்குள் அடங்குகின்றன என்று பார்த்து, அங்கே கோடு போடுவது மேல்.

லேபிளின் நீளத்தை மட்டும் பார்த்தால் போதாது. 63 எழுத்தில் ஒரு லேபிள் வைப்பதற்குப் பதில், 15 எழுத்தில் நான்கு லேபிள் வைத்தால் அதே அளவு சரக்குத்தான், ஆனால் எந்த ஒரு லேபிளும் நீளமாகத் தெரியாது. எனவே டொமைனுக்கு இடப்பக்கம் இருக்கும் பகுதி முழுவதையும் ஒன்றாகச் சேர்த்து அளக்க வேண்டும்.

என்ட்ரோப்பி: எழுத்துகள் கலைந்த அளவு

நீளமான பெயர் எல்லாம் கடத்தல் ஆகிவிடாது. உள்ளடக்கத்தை விநியோகிக்கும் சர்வர்களுக்கு, சொற்களைக் கோடு போட்டு இணைத்த நீண்ட பெயர்கள் சகஜம். அங்கே இருப்பவை சொற்கள். கடத்தல் பெயரில் இருப்பது பூட்டுப்போட்ட தரவு, அதாவது எழுத்துகளின் குப்பை. கண்ணுக்குப் பட்டென்று தெரியும் இந்த வித்தியாசத்தை எண்ணாக்கித் தருவது என்ட்ரோப்பி. கிளாட் ஷானன் 1948இல் வெளியிட்ட தகவல் கோட்பாட்டிலிருந்து வந்த அளவு இது.

கணக்கு சிரமமானதல்ல. ஒரு லேபிளில் ஒவ்வொரு எழுத்தும் எத்தனை தடவை வருகிறது என்று எண்ண வேண்டும். ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வந்தால் எண் குறையும், எல்லா எழுத்துகளும் சமமாகப் பரவியிருந்தால் கூடும். `mail` என்பதில் நான்கு எழுத்து, நான்கும் வேறுவேறு: இரண்டு பிட். `accounts` என்பதில் எட்டு எழுத்து, `c` மட்டும் இருமுறை: 2.75 பிட். நம் பதிவேட்டின் இரண்டாவது வரியில் இருக்கும் நாற்பது எழுத்து லேபிளுக்கு 4.55 பிட் வருகிறது. இடைவெளி தெளிவாகவே இருக்கிறது.

இந்த இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். "4 பிட்டுக்கு மேல் போனால் மணியடி" என்று விதி எழுதிவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். அந்த விதியில் மூன்று ஓட்டைகள் இருக்கின்றன.

முதல் ஓட்டை, என்ட்ரோப்பி நீளத்துக்குக் கட்டுப்பட்டது. எட்டு எழுத்துள்ள ஒரு லேபிளில் எட்டும் வேறுவேறாக இருந்தாலும் மூன்று பிட்டைத் தாண்ட வழியே இல்லை. பதினாறு எழுத்துக்கு உச்சவரம்பு நான்கு. ஆகவே கடத்துபவன் பதினாறு எழுத்துக்குள் லேபிளை நிறுத்திக்கொண்டால், அவன் எதை அனுப்பினாலும் அந்த மணி அடிக்காது.

இரண்டாவது, எந்த எழுத்து முறை என்பதைப் பொறுத்து வரம்பு மாறும். `dnscat2` தரவை எழுதுவது பதினாறு குறிகளால்: 0 முதல் 9, a முதல் f. பதினாறே குறிகள் இருக்கும்போது, லேபிள் எவ்வளவு நீளமானாலும் என்ட்ரோப்பி நான்கைத் தாண்டாது. நீண்ட ஆங்கில உரைநடையின் எழுத்துகளுக்கே 4.2 பிட்டுக்குப் பக்கத்தில் வரும். அதாவது பூட்டுப்போட்ட தரவு, சாதாரண ஆங்கிலத்தைவிடக் குறைந்த எண் வாங்கிக்கொண்டு தப்பிவிடும். இதற்கு மருந்து, எண்ணோடு நிற்காமல் பரவலையும் பார்ப்பது. ஒரு கணினி ஒரு டொமைனிடம் ஒரு மணி நேரத்தில் கேட்ட லேபிள்களை எல்லாம் ஒரே சரமாகக் கோத்து, எந்த எழுத்து எத்தனை முறை என்று பாருங்கள். ஆங்கிலச் சொற்களாக இருந்தால் `e`, `a`, `t` முன்னால் நிற்கும், `q`, `z` அபூர்வமாக வரும். பூட்டிய தரவில் எல்லாக் குறிகளும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கையில் வரும். பதினாறு குறிகள் மட்டும், பதினாறும் சம அளவில் என்றால், எந்த மனிதனும் அப்படிப் பெயர் வைப்பதில்லை.

மூன்றாவது ஓட்டை நமக்கு நெருக்கமானது. தமிழில் வைத்த டொமைன் பெயர் டிஎன்எஸ்ஸுக்குள் தமிழாகப் போவதில்லை. அது ஆங்கில எழுத்துகளாக மாற்றப்பட்டு, `xn--` என்ற முன்னொட்டோடு போகும். `.இந்தியா` என்ற உச்சப்பெயர் பதிவேட்டில் `xn--xkc2dl3a5ee0h` என்று நிற்கும். பதினேழே எழுத்து, ஆனால் என்ட்ரோப்பி 3.73. ஆங்கிலப் பெயர்களை மட்டும் பார்த்து அளவு போட்ட கருவிக்கு, தமிழ் இணையதளம் ஒன்றைப் பார்க்கப் போனவர் கடத்தல்காரராகத் தெரிவார். `xn--` என்று தொடங்கும் லேபிளை முதலில் அதன் மூல எழுத்துக்குத் திருப்பிவிட்டுப் பிறகு அளக்க வேண்டும்.

எண்ணிக்கை: மறைக்கக் கடினமானது

மூன்றாவது அளவுகோலைச் சரியாக வைத்தால் மற்ற இரண்டையும்விட உறுதியாக நிற்கும். காரணம் டிஎன்எஸ்ஸின் நினைவாற்றல். ஒரு தடவை கேட்ட பெயருக்கான விடையை ரிசால்வர் சிறிது காலம் தன்னிடமே வைத்திருக்கும். அதே பெயரை மறுபடி கேட்டால் வெளியே போகாமல் உள்ளிருந்தே சொல்லிவிடும். திருடனுக்கு இது ஆகாது. கேள்வி வெளியே போனால்தான் சரக்கு அவன் கைக்கு வரும். ஆகவே ஒவ்வொரு கேள்வியும் இதுவரை கேட்காத புதுப்பெயராக இருந்தாக வேண்டும்.

இயல்பான பழக்கம் இதற்கு நேர்மாறு. ஒரு மனிதர் நாளெல்லாம் மின்னஞ்சலில் மூழ்கியிருந்தால், அவர் கணினி அதே ஐந்தாறு பெயர்களை நூற்றுக்கணக்கான தடவை கேட்டிருக்கும். ஆகவே மொத்தக் கேள்விகளை எண்ணுவதோடு, ஒரு கணினி ஒரு டொமைனின் கீழ் எத்தனை *வேறுவேறு* பெயர்களைக் கேட்டது என்றும் எண்ண வேண்டும். ஐயாயிரம் கேள்விக்குப் பத்துப் பெயர் என்றால் கவலையில்லை. ஐயாயிரம் கேள்விக்கு ஐயாயிரம் பெயர் என்றால் எழுந்து உட்கார வேண்டும்.

இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. எது டொமைன், எது அதன் கீழ்ப்பெயர் என்று பிரிப்பது. `example.net` போன்றவற்றுக்குக் கடைசி இரண்டு துண்டை எடுத்தால் சரியாக வரும். அதே விதியை `www.tn.gov.in` மீது போட்டால் `gov.in` என்று வரும். இந்தியாவின் அரசுத் தளங்கள் எல்லாம் ஒரே டொமைனாக ஒட்டிக்கொண்டு, அதன் கீழே ஆயிரக்கணக்கான பெயர்கள் குவிந்து, வெறும் மணியாக அடித்துக்கொண்டிருக்கும். `gov.in`, `co.in`, `co.uk` போன்ற பொதுப் பின்னொட்டுகளைத் தொகுத்து வைத்திருக்கும் பட்டியல் ஒன்று `publicsuffix.org` தளத்தில் கிடைக்கிறது. அதை வைத்துப் பிரித்தால் இந்தக் குழப்பம் வராது.

மூன்றும் ஒன்றையொன்று பிடிக்கும் விதம்

இனி நம் கற்பனை அலுவலகத்துக்குத் திரும்புவோம். இருநூறு கணினிகள். ஒரு நாள் பதிவேட்டை, கணினிவாரியாகவும் டொமைன்வாரியாகவும் கூட்டிப் போட்டாயிற்று. பட்டியலின் உச்சியில் `10.20.4.37` நிற்கிறது. இரவு ஒரு மணி முதல் நான்கு மணி வரை, இரண்டு நொடிக்கு ஒன்றாக, `t.example.net` என்பதன் கீழ் 5,400 கேள்விகள். வேறுவேறு பெயர்களும் 5,400. ஒவ்வொரு லேபிளும் 40 எழுத்து. என்ட்ரோப்பி நாலரைக்குப் பக்கம். கேள்வி வகை எல்லாமே TXT. இருநூறு கணினிகளில் வேறெதுவும் அந்த டொமைனைக் கேட்டதே இல்லை.

போன சரக்கு எவ்வளவு? 5,400ஐ 25ஆல் பெருக்கினால் 1,35,000 பைட். துண்டுகளுக்கு வரிசை எண் போடும் இடத்தையும் கழித்தால் இன்னும் குறைவு. மூன்று மணி நேர உழைப்புக்குக் கிடைத்தது ஒரு சிறிய எக்செல் கோப்பு. இந்தச் சுரங்கம் மிக மிகக் குறுகலானது.

அதனால்தான் ஒளிவது கடினம். ஒரு மெகாபைட் கோப்பை எடுத்துக்கொள்வோம். பெயரை விளிம்புவரை நிரப்பி 147 பைட் வீதம் அனுப்பினால் ஏழாயிரத்துச் சொச்சம் கேள்விகள் வேண்டும். எண்ணிக்கை குறைவு, ஆனால் ஒவ்வொரு பெயரும் 253 எழுத்து நீளத்தில் பதிவேட்டை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நீளம் கண்ணை உறுத்தாமல் இருக்க லேபிளை இருபது எழுத்தாகக் குறைத்தால், ஒரு கேள்விக்குப் பன்னிரண்டரை பைட்தான். இப்போது கேள்விகள் 84,000ஐ நெருங்கிவிடும். எண்ணிக்கையும் தெரியாமல் இருக்க நிமிடத்துக்கு ஒரு கேள்வி என்று நிதானமாகப் போனால் ஐம்பத்தெட்டு நாள் ஆகும். குப்பை எழுத்துக்குப் பதில் அகராதிச் சொற்களை அடுக்கி என்ட்ரோப்பியை ஏமாற்றலாம். ஆனால் ஒரு எழுத்து சுமக்கும் தகவல் வெகுவாகக் குறைந்து, கேள்விகளின் எண்ணிக்கை அதற்கேற்பப் பெருகும். எங்கே அமுக்கினாலும் இன்னோர் இடத்தில் புடைக்கும்.

எனவே பார்க்கும் வரிசையும் முக்கியம். முதலில் புதுப்பெயர்களின் எண்ணிக்கையை வைத்துச் சில பத்து ஜோடிகளைப் பொறுக்கி, பிறகு நீளத்தால் வடிகட்டி, என்ட்ரோப்பியைக் கடைசியில் உறுதிப்படுத்தும் சாட்சியாக மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. எண்ணிக்கையை ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறையும், ஒரு மாதத்துக்கு ஒரு முறையும் தனித்தனியாகக் கூட்ட வேண்டும். நிமிடத்துக்கு ஒன்று என்று போகிறவன் மணிக் கணக்கில் அறுபதுதான், யாருக்கும் தெரியாது. மாதக் கணக்கில் 43,000 புதுப்பெயர் என்று நிற்பான்.

பொய் மணிகள்

இந்தப் பொறியில் நல்லவர்களும் விழுவார்கள். வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் சில, ஒரு கோப்பு கெட்டதா என்று கேட்பதற்கு, அந்தக் கோப்பின் கைரேகை எண்ணையே பெயராக்கி டிஎன்எஸ் வழியாகக் கேட்கும். டீம் சிம்ரு என்ற பாதுகாப்பு அமைப்பு `malware.hash.cymru.com` என்பதன் கீழ் இப்படியொரு சேவையைத் திறந்தே வைத்திருக்கிறது. கேட்கும் முறையைப் பார்த்தால் சுரங்கத்துக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது: நீளம், கலைந்த எழுத்து, ஒவ்வொன்றும் புதுப்பெயர். மின்னஞ்சல் சர்வர்களும் வருகிற ஒவ்வொரு அஞ்சலுக்கும், அனுப்பியவரின் முகவரியைத் திருப்பிப்போட்டு ஸ்பாம்ஹவுஸ் போன்ற கறுப்புப் பட்டியல்களிடம் விசாரிக்கும். அங்கே நீளமோ என்ட்ரோப்பியோ இருக்காது, எண்ணிக்கை மட்டும் எகிறும்.

பிரித்தறிய நல்ல கேள்வி ஒன்று உண்டு: இந்த டொமைனை எத்தனை கணினிகள் கேட்கின்றன? வைரஸ் தடுப்பு என்றால் அலுவலகத்தின் பெரும்பாலான கணினிகள், பகல் முழுவதும், வேலையின் ஏற்ற இறக்கத்தோடு கேட்கும். கறுப்புப் பட்டியல் என்றால் மின்னஞ்சல் சர்வர் கேட்கும். அது கேட்க வேண்டியதுதான். கணக்குப் பிரிவில் இருக்கும் ஒரே ஒரு கணினி, வேறு யாரும் தொடாத ஒரு டொமைனை, போன வாரம்வரை கேட்காமல் இருந்துவிட்டு, நள்ளிரவில் இரண்டு நொடிக்கு ஒன்றாகக் கேட்கிறது என்றால் நியாயமான காரணம் கிடைப்பது அரிது. தெரிந்த நல்ல டொமைன்களை விலக்குப் பட்டியலில் போடலாம். ஆனால் முழு டொமைனைப் போடாமல், அந்தச் சேவைக்குரிய கீழ்ப்பெயரை மட்டும் போட வேண்டும். இல்லாவிட்டால் அதுவே இன்னொரு திறந்த கதவாகிவிடும்.

கணக்கு தோற்கும் இடம்

மேலே போட்ட கணக்கெல்லாம் சரக்கு பெரிதாக இருக்கும்வரைதான். சரக்கு கையளவாக இருந்தால் கதை மாறும். 2016 ஏப்ரலில் ஃபயர்ஐ நிறுவனம் மல்டிகிரெய்ன் என்ற தீநிரலைப் பற்றி எழுதியது. கடைகளில் கார்டு தேய்க்கும் முனையங்களோடு இணைந்த சர்வர்களைக் குறிவைத்தது அது. அத்தகைய இடங்களில் உலாவியின் வழியை அடைத்துவிடுவார்கள், டிஎன்எஸ்ஸை விட்டுவைப்பார்கள். ஆகவே கார்டு விவரங்களை 1024 பிட் பூட்டால் பூட்டி, `base32` வகை எழுத்தாக்கி, டிஎன்எஸ் கேள்வியாக அனுப்பியது. ஒரு கார்டின் விவரம் சில பத்து எழுத்துகளுக்குள் அடங்கிவிடும். ஆயிரக்கணக்கான கேள்வி தேவையில்லை. எண்ணிக்கை இங்கே பெரிதாக உதவாது. ஆனால் அந்தப் பூட்டே திருடனைக் காட்டிக்கொடுக்கும். 1024 பிட் பூட்டின் விளைவு 128 பைட், அதை எழுத 205 எழுத்து வேண்டும். அவ்வளவு நீளத்தை எந்தப் பதிவேட்டிலும் ஒளிக்க முடியாது.

நீளமும் சிறிது, எண்ணிக்கையும் சிறிது என்றால்? அதற்கும் உதாரணம் உண்டு. சோலார்விண்ட்ஸ் நிறுவனத்தின் வலையமைப்பு மேலாண்மை மென்பொருளுக்குள் நுழைக்கப்பட்ட சன்பர்ஸ்ட் என்ற பின்கதவு, 2020 டிசம்பர் 13 அன்று வெளிச்சத்துக்கு வந்தது. ஏறக்குறைய 18,000 வாடிக்கையாளர்கள் அந்த மென்பொருளின் கெட்டுப்போன பதிப்பை நிறுவியிருந்தார்கள். அது `avsvmcloud.com` என்ற டொமைனின் கீழ் கேள்வி கேட்டது. பெயரின் முதல் லேபிளில், தான் எந்த நிறுவனத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது என்பதைக் குறியாக்கி வைத்திருந்தது. அதற்கு அடுத்தாற்போல் `appsync-api`, `us-west-2` என்று அமேசான் மேகச் சேவையின் பெயர்களைப் போலவே துண்டுகளை ஒட்டியிருந்தது. நிறுவியபின் இரண்டு வாரம்வரை வாய் திறக்காமலும் இருந்தது.

அனுப்ப வேண்டியது ஒரு நிறுவனத்தின் பெயர் மட்டுமே. அதற்குச் சில கேள்விகள் போதும். லேபிளும் விளிம்பைத் தொடவில்லை, எண்ணிக்கையும் ஏறவில்லை. மேகச் சேவைகளுக்குக் கலைந்த எழுத்துப் பெயர் சகஜம் என்பதால் என்ட்ரோப்பியும் தனியாக எதையும் சொல்லியிருக்காது. ஃபயர்ஐ இதைக் கண்டுபிடித்ததே வேறு வழியில். தங்கள் ஊழியர் ஒருவரின் கணக்கில் இரண்டாவது கைப்பேசி ஒன்று பதிவாகியிருந்ததைச் சந்தேகப்பட்டு, அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்த இடம் இது.

இன்னொரு தோல்வி, கேள்வி பதிவேட்டுக்கே வராமல் போவது. 2018இல் நெறிமுறையான ஒரு புது ஏற்பாட்டின்படி, உலாவி தன் டிஎன்எஸ் கேள்விகளைச் சாதாரண இணையப் போக்குவரத்துக்குள் பூட்டிவைத்து வெளிச் சர்வருக்கே நேரடியாக அனுப்பலாம். பயனரின் அந்தரங்கத்துக்கு இது நல்லது. ஆனால் அலுவலக ரிசால்வரின் பதிவேட்டில் அந்தக் கேள்வி இருக்காது. அதேபோல் அலுவலகக் கணினிகள் வெளியிலுள்ள சர்வர்களின் 53ஆம் போர்ட்டோடு நேரடியாகப் பேச அனுமதி இருந்தாலும் பதிவேடு குருடுதான். ஆகவே எண்ணத் தொடங்கும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. ரிசால்வரைத் தவிர வேறு எந்தக் கணினியும் 53ஆம் போர்ட்டில் வெளியே போகாதபடி ஃபயர்வாலில் அடைக்க வேண்டும், தெரிந்த வெளி டிஎன்எஸ் சேவைகளையும் தடுக்க வேண்டும்.

பதிவேட்டை எவ்வளவு காலம் வைப்பது

சன்பர்ஸ்ட் கதையில் பதிவேடு பயனற்றுப் போகவில்லை. முன்கூட்டிப் பிடிக்க முடியாததை, பெயர் தெரிந்தபின் பதிவேடுதான் உறுதிசெய்தது. `avsvmcloud.com` என்று வெளியே சொன்ன அன்றே, உலகெங்கும் நிறுவனங்கள் தங்கள் பழைய பதிவேட்டில் அந்த ஒரு சொல்லைத் தேடின. கேள்விகளில் குறியாக்கப்பட்டிருந்த பெயர்களை ஆய்வாளர்கள் அவிழ்த்து, யார் யார் வீட்டுக்குள் அது நுழைந்திருந்தது என்று கண்டுபிடித்தார்கள். ஆனால் கெட்டுப்போன பதிப்பு விநியோகமாகத் தொடங்கியது அந்த ஆண்டு மார்ச்சில். டிசம்பரில் தேடும்போது, முப்பது நாள் பதிவேட்டை மட்டும் வைத்திருந்தவர்களுக்குத் தேட எதுவும் மிஞ்சியிருக்காது.

வைத்திருப்பதற்கு ஆகும் செலவையும் கணக்குப் போட்டுவிடலாம். இருநூறு கணினி, ஒன்று நாளுக்கு ஐயாயிரம் கேள்வி என்றால் பத்து லட்சம் வரி. வரிக்கு 120 பைட் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 120 மெகாபைட், ஓராண்டுக்கு 44 ஜிகாபைட். சுருக்கினால் இதில் சிறு பங்குதான் வரும், சுருக்காவிட்டாலும் ஒரு 64 ஜிபி பென்டிரைவில் அடங்கிவிடும்.